ரத்தசோகை 57 சதவீதம்: ஆய்வு சொன்னது எது, நாம் சொல்வது எது?

கேள்வி: "என் முதுகலை ஆய்வேட்டில் இப்படி எழுதியிருந்தேன்: 'இந்தியாவில் 57 சதவீதப் பெண்கள் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். கடந்த ஐந்து ஆண்டுகளில் இது 4 சதவீதம் உயர்ந்துள்ளது. கொரோனா ஊரடங்கில் பெண்களுக்குச் சத்தான உணவு கிடைக்காமல் போனதே இதற்குக் காரணம் (என்எஃப்எச்எஸ்-5).' எண் சரி, வாக்கியம் என்னுடையது, மூலமும் கொடுத்திருக்கிறேன். ஆனா வழிகாட்டி தவறான மேற்கோள்னு திருப்பி அனுப்பிட்டார். எங்கே தப்பு?"

உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. மூன்று வாக்கியத்திலும் தப்பு இருக்கிறது, மூன்றும் வேறு வேறு வகை. கடைசி வாக்கியத்தில் இருப்பதுதான் பெரிய தப்பு. முதல் இரண்டையும் திருத்தினால்தான் மூன்றாவது ஏன் தப்பு என்பது தெரியும், அதனால் அதே வரிசையில் போகிறேன். சுகாதாரத் தரவை வைத்து எழுதப்படும் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. இந்த 57 என்ற எண் வாரத்துக்கு ஒரு முறையாவது என் மேஜைக்கு வந்துவிடும்.

முதலில் மூலத்தைப் பாருங்கள். நீங்கள் என்எஃப்எச்எஸ்-5 என்று குறிப்பிட்ட தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. அதன் தகவல் தாளில் அந்த வரி "15–49 வயதுள்ள எல்லாப் பெண்களிலும் ரத்தசோகை உள்ளவர்கள்" என்று இருக்கும், எண் 57.0, பக்கத்துக் கட்டத்தில் நான்காம் சுற்றின் எண் 53.1. கீழே ஓர் அடிக்குறிப்பும் உண்டு: பெரியவர்களுக்கு ஊரின் உயரம், புகைப்பழக்கம் இரண்டையும் கணக்கில் எடுத்துத் திருத்திய அளவு என்று. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். "57 சதவீதப் பெண்கள்" என்று எழுதிவிட்டீர்கள். எட்டு வயதுச் சிறுமியும் அறுபது வயதுப் பாட்டியும் அதற்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் ஹீமோகுளோபின் அளக்கவில்லை. சொந்த வாக்கியத்தில் எழுதும்போது முதலில் காணாமல் போவது இந்த "யாரில்" என்பதுதான். வயதை எடுத்துவிட்டால் வாக்கியம் சுருக்கமாக, அழகாக வருகிறது, அதனால்தான் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சதவீதம் என்பது இரண்டு எண்களின் உறவு. மேலே இருப்பதை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை மாற்றினால் அது வேறு கூற்று ஆகிவிடும், எண் மட்டும் அப்படியே இருப்பதால் பார்ப்பவருக்குச் சரி போலத் தெரியும்.

இன்னொன்று, "பாதிக்கப்பட்டுள்ளனர்" என்ற சொல். இதே ஆய்வு 57.0ஐப் பிரித்தும் கொடுத்திருக்கிறது: லேசானது 25.7, நடுத்தரம் 28.6, கடுமையானது 2.7. அதாவது கடுமையான ரத்தசோகை நூற்றில் மூன்று பேருக்கும் குறைவு. "பாதிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் பிரசவ மரணத்தைப் பற்றிப் பேசினால், படிப்பவர் 57 பேரையும் அந்த ஆபத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார். "ரத்தசோகை உள்ளது" என்று எழுதுங்கள், போதும். தேவைப்படும் இடத்தில் எந்த அளவு ரத்தசோகை என்றும் சேருங்கள்.

எண்ணைச் சொல்லாக மாற்றுவதிலும் கவனம் வேண்டும். 57ஐ "ஐந்தில் மூன்று பெண்கள்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஐந்தில் மூன்று என்றால் 60. "ஏழு பேரில் நான்கு பேர்" என்றால் 57.1, கொஞ்சம் பழக்கமில்லாத பின்னம், ஆனால் சரியானது. அதுவும் வேண்டாம் என்றால் "பாதிக்கும் மேல்" என்று சொல்லி எண்ணையும் பக்கத்தில் வைத்துவிடலாம். "பெரும்பாலான பெண்கள்" என்பது வேண்டாம், தமிழில் அது எண்பது தொண்ணூறு என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆண்களின் எண் 25.0, அதை நாலில் ஒருவர் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் "ஆண்களைவிட இரண்டு மடங்கு அதிகம்" என்று எழுதாதீர்கள். இரண்டு மடங்கு அதிகம் என்றால் சிலர் 50 என்று எடுப்பார்கள், சிலர் 25உடன் இன்னொரு 50ஐக் கூட்டி 75 என்று எடுப்பார்கள். "ஆண்களின் அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேல்" என்றால் குழப்பமில்லை. ஆண்களுக்கு எல்லைக்கோடு 13 கிராம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இருவரையும் ஒரே கோட்டில் அளக்கவில்லை.

சரி, இரண்டாவது வாக்கியம். 53.1 இலிருந்து 57.0 ஆனது 3.9 சதவீதப் புள்ளி உயர்வு. அதை "4 சதவீதம் உயர்ந்தது" என்றால் 53.1இல் 4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2 புள்ளிதான் கூடியது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. பழைய அளவோடு ஒப்பிட்டு சதவீதத்தில் சொல்ல வேண்டுமானால் 3.9ஐ 53.1ஆல் வகுக்க வேண்டும், 7.3 சதவீதம் வரும். இரண்டும் ஒரே மாற்றத்தைச் சொல்பவை, இரண்டும் சரி. ஒன்றை எழுதிவிட்டு மற்றதன் பெயரைக் கொடுப்பதுதான் தப்பு. எனக்குப் பாதுகாப்பாகப் படுவது இரண்டு எண்களையும் அப்படியே கொடுத்துவிடுவது: "53.1 சதவீதமாக இருந்தது 57.0 சதவீதமாக உயர்ந்தது." இதில் அந்த "ஆக" முக்கியம். "4 சதவீதம் உயர்ந்தது", "4 சதவீதமாக உயர்ந்தது" இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு உருபு, ஆனால் முதலாவது மாற்றத்தின் அளவு, இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு வந்து நின்ற இடம். அவசரமாகத் தட்டச்சு செய்யும்போது இது மாறிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். திருத்தும்போது "உயர்ந்தது", "குறைந்தது" வரும் எல்லா இடத்தையும் தேடி, முன்னால் இருக்கும் உருபை மட்டும் பாருங்கள்.

"கடந்த ஐந்து ஆண்டுகளில்" என்பதும் நிற்காது. நீங்கள் எழுதும் ஆண்டிலிருந்து படிப்பவர் ஐந்து ஆண்டைப் பின்னோக்கி எண்ணுவார். தரவு 2015–16க்கும் 2019–21க்கும் இடையிலானது. ஆண்டைப் போட்டுவிட்டால் உங்கள் ஆய்வேடு பத்து வருடம் கழித்துப் படித்தாலும் பொய் சொல்லாது.

இந்த ஒப்பீடு என்ற விஷயத்தில் இன்னும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நான்காம் சுற்றையும் ஐந்தாம் சுற்றையும் ஒப்பிடலாம், ஏனென்றால் இரண்டிலும் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் களத்திலேயே ஒரு சிறு கருவியில் போட்டு அளந்தார்கள், வயது வரம்பும் ஒன்றே. ஆனால் குழந்தைகளின் ரத்தசோகை பற்றி ஒருவர் எழுதியதைப் பாருங்கள், இது என் கைக்குத் திருத்த வந்த பிரதி: "2015–16இல் 58.6 சதவீதமாக இருந்த குழந்தைகளின் ரத்தசோகை 2016–18இல் 41 சதவீதமாகக் குறைந்தது." இரண்டு எண்களும் அசல். முதலாவது குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்று, 6 முதல் 59 மாதக் குழந்தைகள், விரல் ரத்தம். இரண்டாவது விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகள், லேப்பில் எடுப்பது போலக் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தம். ரத்தம் எடுக்கும் முறை மாறினால் அளவும் மாறும் என்பது இந்தத் துறையில் பல வருடமாக நடக்கும் வாதம். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகள் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. ஒரே வருடத்தில் அவ்வளவு குறைந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, "ஆக இருந்த", "ஆகக் குறைந்தது" என்று அந்த இரண்டையும் கோர்த்தது எழுதியவரின் கை. அந்தக் கோர்ப்புக்குக் கீழே இரண்டு மூலத்தையும் போட்டு அடிக்குறிப்பு கொடுத்திருந்தார். எண்களுக்கு மூலம் கொடுத்தார், கதைக்கு மூலம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், "இந்த ஆய்வில் இவ்வளவு, முறையும் வயதும் வேறான அந்த ஆய்வில் அவ்வளவு" என்று. வினைச்சொல்லால் கோர்க்கக் கூடாது.

இப்போது உங்கள் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "கொரோனா ஊரடங்கே காரணம் (என்எஃப்எச்எஸ்-5)." அடைப்புக்குறி பத்தியின் கடைசியில் இருப்பதால் மூன்று வாக்கியங்களையும் அது தன் பேரில் எழுதிக்கொள்கிறது. தகவல் தாளில் இருப்பது எண்கள். ஏன் உயர்ந்தது என்று அந்தக் கட்டங்கள் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காரணம் உங்கள் ஊகம், நீங்கள் அதை அரசு ஆய்வின் வாயில் வைத்துவிட்டீர்கள். உங்கள் வழிகாட்டி தவறான மேற்கோள் என்றது இதைத்தான்.

அதைவிட மோசம், அந்த ஊகத்தை அதே ஆய்வை வைத்தே சோதிக்கலாம், சோதித்தால் அது நிற்பதில்லை. ஐந்தாம் சுற்று இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டம் 17 மாநிலங்கள், 5 யூனியன் பிரதேசங்கள், 2019 ஜூனில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில். முதல் கட்டத்தில் இருந்த மேற்கு வங்கத்தில் 15–49 வயதுப் பெண்களின் ரத்தசோகை 62.5 இலிருந்து 71.4 ஆனது, குஜராத்தில் 54.9 இலிருந்து 65.0. இரண்டும் தேசிய உயர்வைவிடப் பெரிய உயர்வு, இரண்டும் ஊரடங்குக்கு முன்பே அளக்கப்பட்டவை. தமிழ்நாடு இரண்டாம் கட்டம். களப்பணியில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்னால், மறு பகுதி அதற்குப் பின்னால். இங்கே 55.0 என்பது 53.4 ஆயிற்று. ஊரடங்குதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இந்தப் பத்தியில் நான் செய்ததையும் பிரித்துப் பாருங்கள். மாநில எண்கள், களப்பணி நடந்த மாதங்கள் ஆய்வினுடையவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஊரடங்கு விளக்கம் நிற்பதில்லை" என்று சொன்னது நான். நாளைக்கு யாராவது இது தப்பு என்று காட்டினால் திருத்திக்கொள்ள வேண்டியவன் நான்தான், ஆய்வு அல்ல. இப்படிப் பொறுப்பு யாருடையது என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

அதற்குத் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "ஐந்தாம் சுற்று ஆய்வின்படி" என்று தொடங்கினால் அந்த "படி" வாக்கியம் முடியும் வரை இழுத்துக்கொண்டே போகும். "ஆய்வின்படி, 15–49 வயதுப் பெண்களில் 57.0 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதால் ரேஷனில் செறிவூட்டிய அரிசி மட்டும் போதாது என்பது தெளிவாகிறது" என்று எழுதினால் அரிசி பற்றிய தீர்ப்பும் ஆய்வினுடையது ஆகிவிடும். இடையில் வந்த "இருப்பதால்" என்ற சொல் தரவையும் கருத்தையும் தைத்துவிட்டது. நான் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை: அந்த "ஆல்" என்பதை வெட்டி வினையை முற்றாக்கிவிடுவேன். "இருக்கிறது" என்று முடித்து, மூலத்தை அங்கேயே போட்டு, அடுத்த வாக்கியத்தை "இதை வைத்துப் பார்த்தால்", "என் வாசிப்பில்" என்று தொடங்குவேன். ஆய்வேட்டில் "நான்" என்று எழுதக் கூடாது என்று உங்கள் துறையில் சொன்னால் "இந்த ஆய்வேட்டின் வாதம்" என்று போடலாம். "தெளிவாகிறது", "நிரூபணமாகிறது" என்று யாருடையது என்று தெரியாமல் நிற்கும் வினைகளைத் தவிர்த்துவிடுங்கள், யாருக்குத் தெளிவாகிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

கணக்கும் அப்படித்தான். 3.9 புள்ளி, 7.3 சதவீதம் இரண்டும் தகவல் தாளில் அச்சாகவில்லை, நாம் கழித்ததும் வகுத்ததும். "கணக்கீடு ஆய்வேட்டாளருடையது, தரவு குடும்ப நல ஆய்வின் நான்காம், ஐந்தாம் சுற்றுகள்" என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி போட்டால் போதும். கணக்கில் பிழை இருந்தால் படிப்பவர் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். காரணத்தைப் பற்றி வேறொருவர் ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்து அதை நீங்கள் ஏற்றால், எண்ணுக்கு ஆய்வையும் காரணத்துக்கு அந்தக் கட்டுரையையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் அடைத்தால் எது யாருடையது என்று திரும்பவும் கலந்துவிடும். செய்தித்தாளிலிருந்து எண்ணை எடுத்திருந்தால் மூல அறிக்கையைத் திறந்து பார்த்துவிட்டு மூலத்தைக் குறிப்பிடுங்கள். திறந்து பார்க்கவில்லை என்றால் செய்தித்தாளைத்தான் குறிப்பிட வேண்டும், பார்க்காத அறிக்கையைப் பார்த்ததாகக் காட்டக் கூடாது.

அளந்ததையும் கேட்டதையும் ஒரே வினையில் எழுதாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அடுத்த அத்தியாயம் இரும்புச்சத்து மாத்திரை பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் கருவியில் அளந்தது. மாத்திரை அப்படியல்ல. கர்ப்ப காலத்தில் 100 நாளோ அதற்கு மேலோ இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தவர்கள் 44.1 சதவீதம் என்று ஐந்தாம் சுற்று சொல்கிறது. அது தாய்மாரிடம் கேட்டு எழுதியது, அதுவும் ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த கடைசிப் பிரசவம் பற்றி. மூன்று வருடம் முன்னால் எத்தனை நாள் மாத்திரை போட்டோம் என்று யாருக்கும் துல்லியமாக நினைவிருக்காது. நர்ஸ் திட்டுவார் என்று கூட்டிச் சொல்பவர்களும் இருக்கலாம் (இது என் அனுமானம்). அதனால் "எடுத்தனர்" என்பதை "எடுத்ததாகக் கூறினர்" என்று மாற்றுங்கள். ஒரு சொல்தான், ஆனால் ஆய்வுக்கு எந்த வழியில் தெரிந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. அப்புறம், "கணக்கெடுப்பு" என்ற சொல். செய்திகளில் இந்த ஆய்வையும் கணக்கெடுப்பு என்றே எழுதுகிறார்கள், படிப்பவர் வீடு வீடாக எல்லாரையும் எண்ணியதாக நினைத்துக்கொள்வார். இது சுமார் 6.37 லட்சம் வீடுகளில் எடுத்த மாதிரி ஆய்வு. "மாதிரி ஆய்வு" என்று ஒரு முறையாவது எழுதிவிடுங்கள்.

மாதிரி என்பதால்தான் தமிழ்நாட்டின் 55.0, 53.4 இரண்டையும் வைத்து "குறைந்துவிட்டது" என்று உடனே கொண்டாடக் கூடாது. 1.6 புள்ளி உண்மையான குறைவா, வேறு வீடுகள் மாதிரியில் விழுந்ததால் வந்த அசைவா என்று பார்க்க, முழு அறிக்கையின் பிற்சேர்க்கையில் மாதிரிப் பிழை அட்டவணை இருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதுவதானால் "பெரிய மாற்றமில்லை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மாவட்டத் தாளுக்குப் போனால் இன்னும் கவனம். அங்கே சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடத்தில் நட்சத்திரம் இருக்கும். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்த எண். நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை, அதனால் எண்ணே கொடுக்கவில்லை. ஒரு தன்னார்வ அமைப்பின் அறிக்கையில் மாவட்டக் கர்ப்பிணிகளின் எண்ணை எக்செல்லில் ஏற்றும்போது அந்த அடைப்புக்குறி கழன்றுவிட்டது; நாற்பது சொச்சம் பெண்களை வைத்து வந்த எண்ணை வைத்து இரண்டு மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தி அச்சுக்கே அனுப்பிவிட்டார்கள். நான் மூலத் தாளோடு ஒப்பிடும்போதுதான் தெரிந்தது. அந்த அடைப்புக்குறியும் தரவின் பகுதிதான், உங்கள் வாக்கியத்தில் அது "குறைவான பேரை வைத்துக் கிடைத்த எண்" என்ற சொற்களாக வர வேண்டும்.

உங்கள் பத்தியை நான் திருத்தினால் இப்படி வரும்:

"தேசிய குடும்ப நல ஆய்வு (மாதிரி ஆய்வு) இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015–16இல் 53.1 சதவீதம் என்றும் 2019–21இல் 57.0 சதவீதம் என்றும் பதிவு செய்துள்ளது (நான்காம், ஐந்தாம் சுற்றுகளின் தேசியத் தகவல் தாள்). இது 3.9 சதவீதப் புள்ளி உயர்வு (கணக்கீடு ஆய்வேட்டாளருடையது). 2019–21இல் கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் 2.7 சதவீதம் (ஐந்தாம் சுற்று அறிக்கை). தகவல் தாள் உயர்வுக்கான காரணத்தைக் கூறவில்லை. ஊரடங்குக் கால உணவுப் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது என்பது இந்த ஆய்வேட்டின் கருத்து; ஊரடங்குக்கு முன்பே களப்பணி முடிந்த மேற்கு வங்கம், குஜராத் போன்ற மாநிலங்களிலும் உயர்வு பதிவாகியுள்ளது (ஐந்தாம் சுற்று, அந்தந்த மாநிலத் தகவல் தாள்)."

உங்கள் பத்தியைவிட நீளம்தான். வழிகாட்டியிடம் மறுபடி கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: பத்தியை அச்செடுத்து, ஆய்வில் அச்சாகி இருப்பதை ஒரு நிறத்திலும் நீங்கள் கணக்கிட்டதை இன்னொரு நிறத்திலும் நீங்கள் நினைப்பதை மூன்றாவது நிறத்திலும் கோடிடுங்கள். ஒரே வாக்கியத்தில் முதல் நிறமும் மூன்றாவது நிறமும் வந்தால் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிடுங்கள். தகவல் தாளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், நினைவிலிருந்து செய்தால் மூன்றாவது நிறத்தில் இருக்க வேண்டியவை முதல் நிறத்துக்குப் போய்விடும்.